வாய்ப்பாட்டுச் சண்டை: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழி

தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒருவராவது தயங்கித் தயங்கி மேசையருகே வந்து, "வீட்டில் வாய்ப்பாட்டை எடுத்தாலே சண்டைதான் டீச்சர்" என்று சொல்லாத கூட்டம் இதுவரை நடந்ததில்லை. அவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் சண்டை சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான். புத்தகத்தை எடுப்பதற்கு முன்பேயா, நடுவில் ஒரு பெருக்கலைக் கேட்ட போதா, நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டதைக் கண்ட போதா, தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த போதா என்று பிரித்துக் கேட்டால், காரணத்தில் பாதி அந்தப் பதிலிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறியின்படி பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பதற்கு மிக நெருக்கமான தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் முதலில் சொல்லப்பட்டிருக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து சரிபார்த்து வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்வது முக்கியம்; நேரத்தையும் முறையையும் ஆளையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

## அறிகுறி: வாய்ப்பாடு என்ற சொல்லைக் கேட்டதுமே அழுகை அல்லது ஓட்டம்

குழந்தை இன்னும் ஒரு கேள்வியைக்கூடச் சந்திக்காத நிலையில் சண்டை தொடங்குகிறது என்றால், பிழை பெரும்பாலும் கணக்கில் இல்லை. பயிற்சி நடக்கும் விதத்தில் இருக்கிறது.

நேரம். பள்ளியிலிருந்து நாலரை மணிக்கு வந்து, ஏழு மணி வரை டியூஷனில் உட்கார்ந்து, சாப்பிடுவதற்கு முன்னால் எட்டு மணிக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கேட்கும் அப்பாக்களும் உண்டு. மூன்று நாட்களுக்கு, சண்டை வந்த நேரத்தையும் குழந்தை அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். பிறகு வேறெதையும் மாற்றாமல், மாலைச் சிற்றுண்டி முடிந்த அரை மணி நேரத்துக்குள் பயிற்சியை மூன்று நாட்கள் வைத்துப் பாருங்கள். அழுகை பாதியாகக் குறைந்தால், காரணம் பசியும் களைப்பும்தான்.

நீளம். "கொஞ்ச நேரம்" என்று தொடங்கி முக்கால் மணி நேரம் இழுக்கும் பயிற்சியைக் குழந்தை மறுநாள் தொடங்கவே விரும்பாது. ஐந்து நிமிடம் என்று சொன்னால், கடிகாரத்தைக் குழந்தையின் கண் முன்னால் வைத்து, ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாளில்தான் "இன்னும் இரண்டு மட்டும்" என்று கேட்கத் தோன்றும். அன்றைக்கும் நிறுத்துங்கள், சொன்ன நேரத்தில் முடியும் என்ற நம்பிக்கை அப்படித்தான் உருவாகும்.

பார்வையாளர்கள். தங்கையோ தாத்தாவோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கப்படும் பெருக்கல், குழந்தைக்கு மானப் பிரச்சினையாகிவிடுகிறது. "இதைப் பாப்பாவே சொல்லிடுவா" என்ற ஒரு வாக்கியம் ஒரு மாதப் பயிற்சியைக் கெடுக்கும். அப்படிக் கெட்டுப்போன பயிற்சிகளைப் பார்த்திருப்பதால் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.

இங்கே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நாள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: குழந்தை கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள், ஐந்தில் ஒன்றை வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள். குழந்தை உற்சாகமாகக் கேட்டு, உங்கள் தவற்றையும் பிடித்துவிட்டால், அதற்கு எண்களிடம் பயமில்லை, சோதிக்கப்படுவதில்தான் பயம் என்று தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட குழந்தையிடம் இரண்டு வாரம் இதே முறையைத் தொடர்வதில் தவறேதுமில்லை. தவற்றைப் பிடிப்பதற்கு, சரியான விடையை அது மனதில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்விக்கும் விடைக்கும் இடையிலான மௌனம். நான் கேட்டறிந்த வரையில், மிகப் பெரும்பாலான சண்டைகள் வெடிப்பது இந்த இடைவெளியில்தான். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கிறோம், குழந்தை விழிக்கிறது, "நல்லா யோசி", "நேத்து சொன்னியே", "காலையிலகூட வந்துச்சே" என்று நாம் சொல்லச் சொல்ல, குழந்தையின் கவனம் எண்ணை விட்டு நம் முகத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு ஒரே ஒரு விதிதான். கேட்ட பிறகு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். விடை வரவில்லை என்றால் நீங்களே சாதாரணக் குரலில் "ஐம்பத்தாறு" என்று சொல்லி, குழந்தையையும் ஒரு முறை "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று முழுதாகச் சொல்லவைத்து, அடுத்ததற்குப் போய்விடுங்கள். விடையைச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை முயற்சி செய்யாது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆனால் மூன்று விநாடியில் வராத விடை முப்பது விநாடி அதட்டலில் வந்து நான் பார்த்ததில்லை; அப்போது வருவது ஊகம்தான்.

எப்போது பள்ளியை அணுக வேண்டும்: கணக்குப் பாடம் உள்ள நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி, வாந்தி, பள்ளிக்குப் போக மறுப்பு என்று வந்தால், வீட்டில் எதையும் மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல், அந்த வாரமே வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, வகுப்பில் வாய்ப்பாட்டை எப்படிக் கேட்கிறார்கள், தெரியாதவர்களை என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

## அறிகுறி: வரிசையாக ஒப்பிக்கிறது, இடையில் கேட்டால் திணறுகிறது

என்னிடம் வரும் முறையீடுகளில் இதுவே அதிகம், பெற்றோரை அதிகமாகக் கோபப்படுத்துவதும் இதுவே. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு, மூவேழ் இருபத்தொன்று என்று கடகடவென்று சொல்லும் குழந்தை, ஆறேழ் எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் விழிப்பதைப் பார்த்து, வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. பாட்டின் ஆறாவது வரியை மட்டும் பாடு என்றால் நாமும் முதல் வரியிலிருந்துதான் தொடங்குவோம்.

உறுதி செய்துகொள்வது எளிது. ஆறேழ் என்று கேட்டுவிட்டு உதட்டைப் பாருங்கள். உதடு அசைந்தாலோ, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கினாலோ, குழந்தை ஓரேழிலிருந்து ஏறி வருகிறது.

மொழி மாறியிருப்பது. செலவில்லாத காரணம் இது, பலருக்குத் தோன்றுவதுமில்லை. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை "செவன் எய்ட்ஸ் ஆர் ஃபிஃப்டி சிக்ஸ்" என்று கற்றிருக்கும்; வீட்டில் பாட்டி "ஏழெட்டு எவ்வளவுடா?" என்று கேட்பார். அதுவும், "ஏழெட்டுப் பேர் வந்தாங்க" என்றால் ஏழோ எட்டோ என்று பொருள் கொள்ளும் வீட்டில், ஏழெட்டு என்பது பெருக்கல் என்றே குழந்தைக்குப் பிடிபடாமல் போகலாம். பத்துப் பெருக்கல்களை வாயால் கேட்காமல், 7 × 8 என்று தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். எழுதிக் காட்டினால் விடை வருகிறது என்றால் திணறலுக்குக் காரணம் மொழிபெயர்ப்புதான். பள்ளியில் எந்த மொழியோ அந்த மொழியிலேயே கேளுங்கள். புத்தகத்தில் 1 × 7, 2 × 7 என்று போகிறதா, 7 × 1, 7 × 2 என்று போகிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு முறையும் புழக்கத்தில் உள்ளன.

அளவுக்கு மீறிய சுமை. ஒன்று முதல் பத்து வரையிலான வாய்ப்பாட்டில் நூறு வரிகள் இருக்கின்றன. நூறையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற எண்ணமே குழந்தையைச் சோர்வடையச் செய்கிறது. ஆனால் 7 × 8 தெரிந்தால் 8 × 7 தனியாகத் தேவையில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய நான்கு வாய்ப்பாடுகளும் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடுகின்றன. இவற்றை நீக்கினால் மிஞ்சுவது 3, 4, 6, 7, 8, 9 ஆகிய ஆறு எண்களின் பெருக்கல்கள் மட்டுமே. திருப்பி வருபவற்றையும் கழித்தால் மொத்தம் 21.

இந்த 21-ஐயும் சீட்டுகளில் எழுதுங்கள். பழைய அழைப்பிதழ் அட்டை போதும். முன்பக்கம் பெருக்கல், பின்பக்கம் விடை. ஒரு நாள் மட்டும், பயிற்சி என்று சொல்லாமல், சீட்டு பிரிக்கப் போகிறோம் என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டி மூன்று அடுக்குகளாக வையுங்கள்: மூன்று விநாடிக்குள் வந்தவை, நேரம் எடுத்துச் சரியாக வந்தவை, வராதவை.

சென்ற ஆண்டு நான்காம் வகுப்பில் இருந்த ஒரு மாணவியின் வீட்டில் இதைச் செய்தபோது கிடைத்ததை விரிவாகச் சொல்கிறேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கச் சொல்லி நாள்தோறும் அம்மாவுக்கும் அவளுக்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்த வீடு அது. சீட்டு பிரித்த அன்று, 3 × 3, 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 4, 6 × 6, 9 × 9 ஆகிய எட்டும் உடனே வந்தன. 3 × 9, 4 × 6, 4 × 7, 4 × 8, 4 × 9, 7 × 7 ஆகிய ஆறும் மெதுவாக வந்தன. வராதவை ஏழே ஏழு: 6 × 7, 6 × 8, 6 × 9, 7 × 8, 7 × 9, 8 × 8, 8 × 9. "இவ்வளவுதானா?" என்று முதலில் கேட்டது அவளுடைய அம்மாதான்.

அந்த ஏழையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றிலிருந்து நடந்துபோகும் வழியைக் கொடுத்தோம். ஒன்பதுக்கு வழி பத்திலிருந்து: ஆறு பத்து அறுபது, அதில் ஓர் ஆறைக் கழித்தால் 54, எழுபதில் ஏழு போனால் 63, எண்பதில் எட்டு போனால் 72. ஆறுக்கு வழி ஐந்திலிருந்து: ஐந்தேழ் முப்பத்தைந்து, இன்னும் ஓர் ஏழு சேர்த்தால் 42, ஐந்தெட்டு நாற்பது, இன்னும் ஓர் எட்டு சேர்த்தால் 48. நான்குக்கும் எட்டுக்கும் வழி இரட்டிப்பது: ஈரெட்டு பதினாறு, அதன் இரட்டிப்பு நாலெட்டு 32, அதன் இரட்டிப்பு எட்டெட்டு 64. கடைசியாக 7 × 8. ஐந்தெட்டு நாற்பதும் ஈரெட்டு பதினாறும் சேர்ந்து 56 என்று அவள் பிடித்துக்கொண்டாள். ஏழேழ் நாற்பத்தொன்பதுடன் ஏழைச் சேர்ப்பது சில குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது.

அன்றாடப் பயிற்சி இப்படி நடந்தது. உடனே வரும் அடுக்கிலிருந்து எட்டுச் சீட்டுகள், மெதுவாக வரும் அடுக்கிலிருந்து ஒன்று, வராத அடுக்கிலிருந்து ஒன்றே ஒன்று. புதிய சீட்டை விடையோடும் வழியோடும் ஒரு முறை காட்டுவது. பிறகு தெரிந்த ஒரு சீட்டைக் கேட்டுவிட்டு மீண்டும் புதியது. தெரிந்த இரண்டைக் கேட்டுவிட்டு மீண்டும் புதியது. தெரிந்த மூன்றுக்குப் பிறகு மீண்டும் புதியது. ஐந்து நிமிடம் முடிவதற்குள் புதிய பெருக்கலை நான்கைந்து முறை சந்தித்துவிடுகிறாள், ஆனால் சந்திக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை தெரிந்தவையாகவே இருக்கின்றன. தொடர்ந்து மூன்று நாள் மூன்று விநாடிக்குள் வந்த பிறகே அடுத்த புதிய சீட்டு உள்ளே வரும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஏழு சீட்டுகளும் முடிய ஐந்து வாரங்கள் ஆயின. நடுவில் 7 × 8 மட்டும் எட்டு நாட்கள் நகராமல் நின்றது. அவசரப்பட்டு அடுத்ததை அவர்கள் எடுக்கவில்லை என்பதுதான் அந்த வீட்டில் நான் மிகவும் மதித்த விஷயம்.

மெதுவாக வரும் விடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபதிலிருந்து ஏழைக் கழித்து 63 என்று நான்கைந்து விநாடியில் சொல்லும் குழந்தை சரியான பாதையில் இருக்கிறது; விரலைத் தட்டிவிட வேண்டாம், நிறுத்தக் கடிகாரம் வைக்கவும் வேண்டாம். அந்த வழியைப் பலமுறை நடந்த பிறகு வேகம் தானாக வரும். கவலைப்பட வேண்டியது, சில மாதங்களுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் ஓரேழிலிருந்தே ஏறும் குழந்தையைப் பற்றித்தான்.

பணம் செலவழிப்பதற்கு முன்: இந்த அறிகுறிக்காக அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். அபாகஸில் குழந்தைகள் முதன்மையாகக் கற்பது மணிகளை வைத்துக் கூட்டவும் கழிக்கவும்தான். ஆறேழ் தனியாகக் கேட்டால் வரவில்லை என்ற பிழையை அது நேரடியாகத் தொடுவதில்லை. ஐந்து வாரச் சீட்டுப் பயிற்சியை முறையாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

## அறிகுறி: இரவு வந்தது காலையில் இல்லை

பத்து முறை எழுதுவது. எழுதினால் மனதில் நிற்கும் என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஆனால் குழந்தை எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் 1, 2, 3 என்று மேலிருந்து கீழே ஒரு பத்தி, அடுத்து பெருக்கல் குறி மட்டும் ஒரு பத்தி, அடுத்து 7, 7, 7 என்று ஒரு பத்தி, அடுத்து சமக்குறி, கடைசியில் விடைகளை ஏழேழாகக் கூட்டியோ பார்த்தோ எழுதுகிறது. அந்தப் பக்கம் முழுவதிலும் "7 × 8 எவ்வளவு?" என்ற கேள்வி குழந்தைக்கு ஒரு முறைகூட எழவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். பத்து முறை எழுதும் நேரத்தில், விடையை மூடிவைத்து ஒரு முறை கேட்டாலே போதும்.

ஒரே மூச்சில் படிப்பது. தேர்வுக்கு முந்தைய இரவில் நாற்பது நிமிடம் படித்தது அன்றிரவு வரும், ஒரு வாரத்தில் போய்விடும். சரிசெய்வதற்கு மூன்று உறைகள் தேவை. முதல் உறையில் உள்ள சீட்டுகளை நாள்தோறும் கேளுங்கள். இரண்டாவதில் உள்ளவற்றை மூன்று நாளுக்கு ஒரு முறை. மூன்றாவதில் உள்ளவற்றை வாரம் ஒரு முறை. உடனே விடை வந்த சீட்டு அடுத்த உறைக்குப் போகும். வராத சீட்டு எந்த உறையில் இருந்தாலும் முதல் உறைக்குத் திரும்பும். திரும்பி வந்த சீட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சீட்டு திரும்புவது குழந்தையின் தோல்வியாகத் தெரியக் கூடாது. அது சீட்டின் இடமாற்றம் மட்டுமே.

உறுதி செய்யும் வழி: ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை, எதையும் நினைவூட்டாமல் மூன்றாவது உறையைக் கேளுங்கள். பத்தில் எட்டு வந்தால் உறைகள் சரியாக வேலை செய்கின்றன. ஐந்துக்கும் குறைவாக வந்தால், புதிய சீட்டுகளை வேகமாக உள்ளே விட்டிருக்கிறீர்கள். ஒரு வாரம் புதியது எதையும் சேர்க்காதீர்கள்.

## அறிகுறி: ஒரே தவறான விடை திரும்பத் திரும்ப வருகிறது

எட்டேழுக்கு எப்போது கேட்டாலும் 54, ஆறொன்பதுக்கு எப்போது கேட்டாலும் 56 என்று சொல்லும் குழந்தைகள் வகுப்புக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 54, 56 இரண்டுமே ஐம்பதுகளில் வரும் விடைகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே நாட்களில் கற்கப்பட்டிருக்கும். இடம் மாறிப் பதிந்துவிட்டன. ஊகித்துச் சொல்லும் வழக்கமும் இதைக் கெட்டிப்படுத்துகிறது. "ஐம்பத்திநாலா? ஐம்பத்தெட்டா?" என்று குழந்தை தடவித் தடவிச் சொல்லும் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு பயிற்சியாகிவிடுகிறது.

முதலில், குழப்பும் இரண்டில் ஒன்றை இரண்டு வாரம் முற்றிலும் எடுத்துவிடுங்கள். 6 × 9 சீட்டை அலமாரியில் வைத்துவிட்டு, 7 × 8-ஐ மட்டும் கேளுங்கள்; 5, 6, 7, 8 என்று வரிசையாக நிற்கிறதே என்று 56 = 7 × 8 என எழுதிக் காட்டுங்கள். அது உறுதியான பிறகு, அறுபதில் ஆறு போனால் என்ற வழியோடு 6 × 9 திரும்பட்டும். ஆறாம் வாய்ப்பாட்டையும் ஏழாம் வாய்ப்பாட்டையும் ஒரே வாரத்தில் தொடங்காமல் இருந்தால், இந்தக் குழப்பங்களில் பல எழுவதேயில்லை.

ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் குழந்தை பதினைந்துக்கும் ஐம்பதுக்கும், பதின்மூன்றுக்கும் முப்பதுக்கும் இடையே தடுமாறினால், வாயால் சொல்லவைக்காமல் எழுதவைத்துப் பாருங்கள். எழுத்தில் சரியாக இருந்தால் அது உச்சரிப்புச் சிக்கல் மட்டுமே. எழுத்திலும், பேச்சிலும், வேறு சொற்களிலும் இப்படி ஒலிகள் குழம்பினால் காதைப் பரிசோதிப்பது நல்லது.

## அறிகுறி: வாய்ப்பாடு வருகிறது, பெருக்கல் கணக்கு தவறாகிறது

தேர்வில் 47 × 6-க்கு 2442 என்று எழுதிவிட்டு வந்த குழந்தையை வாய்ப்பாடு படிக்கவில்லை என்று திட்டுவது பொருந்தாது. ஆறேழ் 42-ஐயும் ஆறுநான்கு 24-ஐயும் அது சரியாகவே சொல்லியிருக்கிறது. 42-இல் உள்ள நான்கு பத்துகளை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை.

பிரித்தறிய ஒரே சோதனைதான். வாய்ப்பாட்டுத் தாளைப் பக்கத்தில் திறந்து வைத்து, பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்து, இதே வகையில் ஐந்து கணக்குகள் கொடுங்கள். தாளைப் பார்த்துச் செய்தால் சரியாக வருகிறது என்றால் வாய்ப்பாட்டில் குறை. மேலே சொன்ன சீட்டுகளுக்குப் போங்கள். பார்த்தும் தவறாகிறது என்றால் இட மதிப்பில் குறை; 47-ஐ நாற்பது, ஏழு என்று பிரித்து, 240 + 42 = 282 என்று சில நாள் செய்யவைத்த பிறகு பழைய முறைக்குத் திரும்புங்கள். அதுவும் பிடிபடவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளியில் கற்பிக்கும் முறைக்கு மாறான ஒன்றை வீட்டில் திணிப்பதைவிட அவரே இன்னொரு முறை விளக்குவது நல்லது.

## அறிகுறி: எல்லாம் செய்தும் நகரவில்லை

நேரம் சரி, நீளம் சரி, சீட்டுகளும் முறையாக நடந்தன, எட்டு வாரம் கடந்தும் வராத அடுக்கு அப்படியே இருக்கிறது என்றால், பெருக்கலுக்குக் கீழே உள்ள படியைப் பார்க்க வேண்டும்.

கண். 6-ஐயும் 9-ஐயும், 3-ஐயும் 8-ஐயும் மாற்றிப் படிக்கிறதா, கரும்பலகையிலிருந்து எழுதும்போது கண்ணைச் சுருக்குகிறதா என்று கவனியுங்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரே மாதத்தில் கணக்குப் பிழைகள் பாதியாகக் குறைந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டல். 35 + 7, 60 − 6 ஆகியவற்றைத் தாளில்லாமல் கேளுங்கள். விரல்களில் ஒன்றிலிருந்து எண்ணினால், நான் மேலே சொன்ன எந்த வழியும் அந்தக் குழந்தைக்கு வழியாக இருக்காது. பெருக்கலை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, பத்தாக்கும் கூட்டலுக்குப் போங்கள்: 8 + 5 என்றால் எட்டைப் பத்தாக்க இரண்டு, மிச்சம் மூன்று, ஆகவே 13. நான்காம் வகுப்பில் இரண்டாம் வகுப்புக் கணக்கா என்று வெட்கப்பட வேண்டாம். அந்த ஒரு மாதம் வீணாவதில்லை.

எண் உணர்வு. நான்கு புளியங்கொட்டைகளைத் தரையில் போட்டு உடனே மூடிவிட்டு, எத்தனை என்று கேளுங்கள். 69, 71 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். எட்டு வயதைத் தாண்டிய குழந்தை நான்கைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாவிட்டாலோ, மற்ற இரண்டிலும் வேறு வேறு நாட்களில் தொடர்ந்து தடுமாறினாலோ, கடிகாரம் பார்ப்பதும் சில்லறை எண்ணுவதும் சேர்ந்தே சிரமமாக இருந்தாலோ, இதை வீட்டில் தீர்க்க முயல வேண்டாம்.

இது கணக்கு சார்ந்த கற்றல் குறைபாடாக, அதாவது டிஸ்கால்குலியாவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அதை உறுதி செய்வது பெற்றோரின் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. குழந்தை உளவியலாளரோ, கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்றவரோ முறையான சோதனைகள் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர் என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் தலைமையாசிரியர் வழியாகத் தொடங்கலாம். மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கும் போகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே இதற்கு உதவி கேட்பது சலுகை கேட்பதாகாது.

போகும்போது மதிப்பெண் பட்டியலை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். மூன்று அடுக்காகப் பிரித்த அந்த 21 சீட்டுகளையும், எந்தச் சீட்டு எந்தத் தேதியில் எந்த அடுக்கில் இருந்தது என்ற குறிப்பையும், கூட்டல் சோதனையில் குழந்தை விரலை எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். எட்டு வாரக் குறிப்பு கையில் இருந்தால், "கணக்கே வராது" என்ற வாக்கியத்திலிருந்து தொடங்காமல், எது வருகிறது, எது வரவில்லை என்பதிலிருந்தே அவர் தொடங்க முடியும்.